ஐந்தாம் கட்டத்தில் பேச்சு இல்லை

ஸ்ரீரங்கன் அண்ட் அசோசியேட்ஸ் என்ற விளம்பர நிறுவனம் தேனாம்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இயங்கியது. ஸ்ரீரங்கன் என்பது ஸ்ரீரங்கன். அசோசியேட்ஸ் என்பது நீரஜாவும் ஒரு மேஜை விசிறியும். இவர்களில் விசிறி நிரந்தரம். நீரஜா ஆறு மாதத் தற்காலிகம். வருகிற திங்கட்கிழமையோடு அந்த ஆறு மாதம் முடிகிறது.

ஸ்ரீரங்கன் ஒருமுறை பதினோரு நாள் பம்பாயில் இருந்தவர். அதைப் பதினோரு வருஷம் போலப் பேசுவார். "பம்பாயில இப்படித்தான் பண்ணுவா" என்று அவர் ஆரம்பித்தால், பம்பாய்க்குப் போகாத, விளம்பரம் கொடுக்க வரும் கட்சிக்காரர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். தியாகராய நகர் பாத்திரக்கடை அய்யாதுரை அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர். கடைக்குச் சொந்தமாகப் 'பொன்னமுது' என்று ஒரு பிரஷர் குக்கர் தயாரித்திருந்தார். வாங்கிப் போன பெண்களில் பாதிப் பேர் பயந்துபோய் அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். எப்படிச் சமைப்பது என்று காட்டுகிற ஒரு நிமிஷப் படம் எடுத்து, தீபாவளிக்குத் தியேட்டரில் இடைவேளையில் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஸ்கிரிப்ட் ரெண்டு காலம், அதாவது ரெண்டு பத்தி" என்றார் ஸ்ரீரங்கன் நீரஜாவிடம். "இடது பக்கம் கண்ணுக்கு. வலது பக்கம் காதுக்கு. பம்பாயில எல்லாம் அப்படித்தான்."

"ரெண்டும் எப்படிச் சேரும் சார்?"

"அது தானா சேந்துக்கும். நீ டைப் பண்ணு."

மயிலாப்பூரில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் ஹையர் கிரேடு தேறியவள் நீரஜா. பட்டியல் அடிப்பதில் அவளுக்கு மாகாணத்திலேயே இரண்டாவது இடம். இரண்டு பத்தி என்றால் இரண்டும் ஒரே வரியில் தொடங்கி ஒரே வரியில் முடிய வேண்டும், நடுவில் ஓர் எழுத்துகூடத் துருத்தக்கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சினிமாவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரிந்ததைச் செய்தாள்.

இடது பக்கத்துக்கு ஸ்ரீரங்கன் வாயால் சொன்னார்: பெண் அரிசியும் பருப்பும் காயும் அடுக்கில் வைக்கிறாள், மூடுகிறாள், ஆவி வருகிறது, வெயிட்டைப் போடுகிறாள், விசில் அடிக்கிறது, இறக்கி வைக்கிறாள், காத்திருக்கிறாள், வெயிட்டை எடுக்கிறாள், மூடியைத் திறக்கிறாள், குடும்பம் சாப்பிடுகிறது. வலது பக்கத்துக்கு அய்யாதுரையின் மைத்துனர் கணேசமூர்த்தி எழுதித் தந்தார். அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பண்டிதர். தன்னைப் புலவர் என்று அழைக்காதவர்களுக்குக் காது கேட்காதவர் போல நடந்துகொள்வார். சமையல் சமாச்சாரத்தைப் பன்னிரண்டு வரியில் முடித்துவிட்டு, மிச்ச இடம் முழுவதும் குக்கரையும் கடையையும் கடை இருக்கும் தெருவையும் போற்றியிருந்தார்.

நீரஜா முதலில் இடது பத்தியை மேலிருந்து கீழ்வரை அடித்தாள். பிறகு தாளைப் பின்னால் உருட்டி, வலது பத்தியை மேலிருந்து கீழ்வரை அடித்தாள். இடது பக்கம் நான்கு வரி குறைந்தது. புடவையின் நிறம், ஜன்னல் திரை என்று சேர்த்து நிரப்பினாள். இருபத்துநான்கு வரி அங்கே, இருபத்துநான்கு வரி இங்கே. தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் பட்டுப் புடவையின் இரண்டு கரை மாதிரி இருந்தது.

அய்யாதுரை அதைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார். "பாத்தியளா, ரெண்டு பக்கமும் எம்புட்டு நெறவா இருக்கு. ஒரு எடம் சும்மா கெடக்கல" என்று சொல்லி, கையெழுத்தும் போட்டு, கடை முத்திரையும் குத்தினார். புலவர் உரக்கப் படிக்க ஸ்ரீரங்கன் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தார். சரியாக அறுபது விநாடி. "பெர்ஃபெக்ட்" என்றார்.

இடது பக்கத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். வெட்டி ஒட்டியதில் அதுவும் தொண்ணூறு அடி பிலிம், அறுபது விநாடி. குரலைப் பதிந்து சேர்ப்பதுதான் பாக்கி. அதற்கு வெள்ளிக்கிழமை காலை ஒலிப்பதிவுக்கூடம் கிடைத்திருந்தது. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் மூன்று வாரம் கழித்து. தீபாவளி அதற்குள் போய்விடும்.

"இதுல ஏதாவது ஆச்சுன்னா, திங்கட்கிழமை நீ வரவேண்டாம்" என்று ஸ்ரீரங்கன் அவளிடம் சாந்தமாகச் சொல்லியிருந்தார். போன வருஷம் இதே நாற்காலியில் இருந்த ராமானுஜமும் இதே சாந்தத்தோடுதான் அனுப்பப்பட்டதாகக் கீழே சைக்கிள் கடையில் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மாலை ஸ்கிரிப்ட்டின் நகலை ஒலிப்பதிவுக்கூடத்தில் கொடுக்கப் போனாள் நீரஜா. அங்கே ஒலிப்பதிவு பார்க்கும் ஹனீஃபா இருந்தான். அவள் வயதுதான் இருக்கும். வாயில் பீடா, கழுத்தில் மாலை போலத் துண்டு பிலிம். ஏற்கெனவே படத்தை மூன்றுமுறை ஓட்டிப் பார்த்திருந்தான். தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாமா இது, கல்யாணப் பத்திரிகையா?"

"ஸ்கிரிப்ட்."

"இந்த லைன் எந்த ஷாட்டுக்கு?"

நீரஜாவுக்குக் கேள்வியே புரியவில்லை. அவன் மேஜையிலிருந்து ஓர் அடிக்கோலை எடுத்துத் தாளின் குறுக்கே வைத்தான்.

"நாங்க மேலேந்து கீழ படிக்க மாட்டோம். குறுக்கால படிப்போம். இந்தப் பக்கம் இன்னா தெரியுதோ, அதே நேரத்துக்கு அந்தப் பக்கம் இன்னா கேக்குது. அதுக்குத்தான் ரெண்டு காலம். பன்னண்டாவது லைன் பாரு. இங்க, 'குக்கர் விசில் அடிக்கிறது.' அங்க இன்னா கீது? படி."

நீரஜா படித்தாள். "'அணங்கே, அஞ்சாது மூடியைத் திறவாய்.'"

"விசில் அடிச்சிக்கினு கீது, மூடியைத் தொறன்றாரு. பயந்துகினு கீற பொம்பளைங்களுக்குத்தான படம்? எவளாவது நம்பித் தொறந்தா மூஞ்சி வெந்துடும்."

"மொத்தம் அறுபது விநாடி சரியா இருக்கே."

"மொத்தம் சரிதாம்மா. நீ மைலாப்பூர்ல ஏறி அடையார்ல எறங்கணும். பஸ்ஸு அடையாருக்கு டயத்துக்குப் போயிடுச்சு, ஆனா மந்தவெளிலயே கண்டக்டர் அடையார்னு கூவிட்டா நீ எங்க எறங்குவே?"

அடிக்கோலை அவன் ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்தினான். ஆவி வருகிற இடத்தில் குரல் வெயிட்டை எடுத்துவிட்டிருந்தது. மூடி திறக்கிற இடத்தில் தெருவின் பெருமை ஓடியது. மாகாணத்தில் இரண்டாவது இடம் வாங்கிய அழகு முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. அந்த அழகுதான் தப்பு.

ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்குத் திரும்பினாள். ஸ்ரீரங்கன் பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். பற்றவைக்கிற வழக்கம் இல்லை.

"சார், ரெண்டு பக்கமும் சேரலை. விசில் அடிக்கறச்சே மூடியைத் திறக்கச் சொல்றது. நான் அடிச்ச தப்பு."

அவர் தாளை வாங்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். பிறகும் மேலிருந்து கீழே பார்த்தார்.

"முத்திரை குத்தியாச்சே."

"குறுக்கே பாருங்கோ சார்."

"ஏன் குறுக்கே பாக்கணும்? ஜனங்க நேராத்தான் பாப்பா. கட்சிக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தப்புன்னு சொன்னா நம்ம நிறுவனம் என்னத்துக்கு ஆறது? நாளைக்கு நீ வா. ஓரமா நின்னுண்டு இரு. பேசப்படாது."

அவர் போனபின் நீரஜா மெஷினில் புதுத் தாள் ஏற்றினாள். திங்கட்கிழமை வேலை இருக்குமா என்று தெரியவில்லை. வீட்டில் அம்மாவிடம், நிரந்தரமாகிவிட்டது என்று போன மாதமே சொல்லிவைத்திருந்தாள். கபாலி கோயிலில் அதற்கு அர்ச்சனைகூட ஆகிவிட்டது.

இந்தத் தடவை பத்தியாக அடிக்கவில்லை. ஹனீஃபாவிடம் கேட்டு எழுதிவந்த ஷாட் நீளங்களை வைத்துக்கொண்டு, அடிக்கோலால் குறுக்கே கோடு போட்டாள். ஒரு ஷாட்டுக்கு ஒரு கட்டம். இடப்பக்கம் எண், காட்சி, விநாடி. ஒன்று: அடுக்கு வைப்பது, எட்டு. இரண்டு: குக்கரை மூடி அடுப்பில் ஏற்றுவது, ஆறு. மூன்று: ஆவி, ஐந்து. நான்கு: வெயிட், நான்கு. ஐந்து: விசில், எட்டு. இப்படி ஒன்பது கட்டம், கூட்டினால் அறுபது. பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அந்த விநாடிக்குள் வாய்விட்டுப் படிக்க முடிகிற அளவு மட்டும் எழுதினாள். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி காலி ஆபீசில் தனக்குத்தானே, "ஆவி வந்த பிறகுதான் வெயிட்" என்று சொன்னாள். நான்கு விநாடிக்குள் அடங்கியது. "அணங்கே" என்ற சொல்லைச் சேர்த்தால் அடங்கவில்லை. அணங்கை எடுத்துவிட்டாள்.

ஐந்தாவது கட்டத்தில் விரல் நின்றது. விசில் அடிக்கும்போது என்ன சொல்வது? "விசில் அடிக்கிறது" என்று சொன்னால், அதுதான் கேட்கிறதே. தெருவின் பெருமையைச் சொன்னால் விசில் கேட்காது. கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'விசில் ஒலி மட்டும்' என்று அடித்தாள். ஆவி வரும் மூன்றாவது கட்டமும், வெயிட்டை எடுக்கும் ஏழாவது கட்டமும் அப்படியே காலியாக நின்றன. தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஹையர் கிரேடில் இதற்குப் பூஜ்யம் போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, கைப்பைக்குள் இரண்டு தாளும் இருந்தன: முத்திரை குத்தியது ஒன்று, பல் விழுந்தது ஒன்று.

ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் கோந்து நாற்றமும் குளிர்ச்சியும். புலவர் சால்வை போர்த்தி வந்திருந்தார். குரலும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியதால், வாசிப்பதற்கு வேறு ஆள் பார்க்கும் தொந்தரவு ஸ்ரீரங்கனுக்கு இல்லாமல் போயிற்று. ஒரு கண்ணாடி அறைக்குள் மைக்கின் முன்னால் அவர், இன்னொரு கண்ணாடிக்குப் பின்னால் ஹனீஃபா. பின்வரிசையில் அய்யாதுரை, பக்கத்தில் ஸ்ரீரங்கன், சுவரோரமாக நீரஜா.

விளக்கணைந்து ஒத்திகை ஓடியது. திரையில் பெண் அடுக்கு வைத்தாள். புலவர் முத்திரைத் தாளைப் பிடித்து முழங்கினார். திரையில் விசில் அடிக்கத் தொடங்கியது. "அஞ்சாது மூடியைத் திறவாய்" என்றது குரல். நீரஜா கண்ணை மூடிக்கொண்டாள். தெருவின் பெருமையோடு படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஸ்ரீரங்கன் கைதட்டினார். அய்யாதுரையும் தட்டினார். கடையின் பெயர் நான்கு இடத்தில் வந்ததை அவர் எண்ணியிருந்தார்.

"ஓகேவா? டேக் போலாமா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டது ஹனீஃபாவின் குரல். கேள்வி பொதுவாக வந்தது. பார்வை மட்டும் கண்ணாடி வழியாக நீரஜாமேல் இருந்தது.

"வேண்டாம்" என்றாள்.

தன் குரல்தான் என்று அவளுக்கே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. ஸ்ரீரங்கன் மெதுவாகத் திரும்பினார். அந்தச் சாந்தம் அவர் முகத்தில் வந்துவிட்டிருந்தது.

"இந்தக் கொழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்றார் அய்யாதுரையிடம். "நீ வெளியில போய் உக்காந்துக்கோ."

"விசில் அடிக்கறப்போ மூடியைத் திறக்கச் சொல்றது சார். அய்யாதுரை சார், நான்தான் தப்பா அடிச்சுட்டேன். வேற அடிச்சுண்டு வந்திருக்கேன்." புதுத் தாளை நீட்டினாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் தாளையே இறுக்கிப் பிடித்திருந்தாள். அய்யாதுரை இரண்டுமுறை இழுக்க வேண்டியிருந்தது.

அவர் பார்த்தார். முகம் மாறியது.

"இது என்ன, மூணு எடம் சும்மா கெடக்கு?"

"அங்க பேச்சு இல்லை சார்."

"ஏன் இல்ல? என் கடையில ஒரு தட்டு காலியா இருந்தா வாரவன் என்ன நெனைப்பான்? சரக்கு தீந்துபோச்சு, யாவாரம் படுத்துட்டுன்னு நெனைப்பான். நான் கையெழுத்துப் போட்டதுல ஒரு எடம் காலியா இல்லியே."

"தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?" என்றார் புலவர், கண்ணாடி அறைக்குள்ளிருந்து. மைக் திறந்திருந்ததால் பஞ்சம் எல்லாச் சுவரிலிருந்தும் வந்தது.

"புலவர் நிரப்பிடுவார்" என்றார் ஸ்ரீரங்கன் அவசரமாக. "பம்பாயிலகூட..."

நீரஜாவுக்கு ஞாபகம் வந்தது அய்யாதுரையின் கடைவாசல்தான். புலவரின் தாளை வாங்கப் போனபோதெல்லாம் அங்கே நின்றிருக்கிறாள். தினமும் மாலையில் வாசலில் ஓர் அடுப்பை வைத்து, முதலாளியே நின்று, கூடும் பெண்களுக்குக் குக்கரைச் செய்துகாட்டுவார்.

"நீங்க கடைவாசல்ல பேசுவேளே சார். அதை இந்தப் படத்துக்கு ஒருதடவை பேசிப் பாருங்கோ" என்றாள். திட்டம் என்று எதுவும் இல்லை. திங்கட்கிழமையை ஒரு நிமிஷம் தள்ளிப்போட்டால் போதும் என்று இருந்தது.

அய்யாதுரைக்குப் பேசச் சொன்னால் மறுக்கத் தெரியாது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஹனீஃபா விளக்கை அணைத்துப் படத்தை மறுபடி விட்டான்.

"வாங்கம்மா, அடியில அரிசி, நடுவுல பருப்பு, மேல காய்" என்று தொடங்கினார் அய்யாதுரை, திரையைப் பார்த்தபடி. கைகள் தாமாக அசைந்தன. "மூடியாச்சு. அடுப்புல ஏத்தியாச்சு." திரையில் ஆவி எழுந்தது. அவர் பேசவில்லை, விரலால் ஆவியைக் காட்டி, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறவர் போலத் தலையை ஆட்டினார். "இப்பம்தான் வெயிட்டு." விசில் அடித்தது. எட்டு விநாடியும் அய்யாதுரை வாயைத் திறக்கவில்லை. ஒரு கையைக் காதருகே வைத்துக்கொண்டு புன்னகையோடு நின்றார். விசில் ஓய்ந்ததும், "அவ்வளவுதான், எறக்குங்க. அவசரப்படாதிய" என்றார். வெயிட்டைத் தூக்கும் இடத்தில் மறுபடி மௌனம். குனிந்து, சீறுகிறதா என்று காது கொடுத்தார். "சத்தம் இல்லியா? இப்பம் தொறங்க."

திரையில் மூடி திறந்தது.

விளக்கு எரிந்தபோது அவர் இன்னும் குனிந்தே இருந்தார்.

"விசில் அடிக்கையில ஏன் சார் பேசலை?" என்று கேட்டாள் நீரஜா.

"அப்பம் நான் பேசினா, அவ விசிலை எப்படிக் கேப்பா? அந்தச் சத்தத்துக்குத்தானம்மா பயப்படுதா. கேக்க விடணும். கேட்டு ஒண்ணும் ஆவலன்னு அவளுக்கே தெரியணும்..." நிறுத்தினார். தாளை எடுத்தார். இந்தமுறை அவர் விரல் மேலிருந்து கீழே போகவில்லை. இடமிருந்து வலமாகப் போனது. ஐந்தாவது கட்டத்தில் நின்றது.

"அதத்தான் இந்தப் புள்ள சும்மா போட்டிருக்கு."

ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமினார். "நான் ஆரம்பத்துலேர்ந்தே மௌனத்தைத்தான் சொல்லிண்டு வந்தேன்" என்றார்.

கையெழுத்தானது. முத்திரை கடையில் இருந்ததால், அய்யாதுரை கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தமாக ஒன்று வைத்தார். அதன்பின் புலவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாயிற்று. படத்தின் நடுவே சும்மா இருப்பது என்பது அவர் வாழ்க்கையில் நடந்திராத காரியம். முதல் டேக்கில் ஐந்தாவது கட்டத்தில் "ஆஹா" என்றார். இரண்டாவதில் பெருமூச்சு விட்டார். மூன்றாவதில் சந்தேகம் கேட்டார்.

"ஐயா, அந்தக் கட்டத்துல வாயை மூடிக்கினு இருக்கணும். அதுக்குத்தான் கட்டமே" என்றான் ஹனீஃபா.

"எவ்வளவு நேரம் இருப்பது?"

"எட்டு செகண்டு."

"எட்டா" என்றார் புலவர். முகம் வெளிறிவிட்டது. ஏழாவது டேக்கில், சால்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அவர் அதைச் சாதித்தார்.

நீரஜா அதைக் கொண்டாடும் நிலையில் இல்லை. கட்சிக்காரர் முன்னால், பேசாதே என்ற பிறகு பேசியிருக்கிறாள். சனியும் ஞாயிறும், அம்மாவிடம் எதைச் சொல்வது, எந்த நாளில் சொல்வது என்று யோசித்ததில் கழிந்தன. ஞாயிறு மாலை கோயில் குளக்கரையில் நின்றுகொண்டு, திருவான்மியூரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொன்னதை ஞாபகப்படுத்திப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தாள். பத்தரைக்கு ஸ்ரீரங்கன் வந்தார். அவளைப் பார்க்காமல் விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் காத்திருந்தாள்.

"அய்யாதுரை நேத்திக்கு ஆத்துக்கே வந்துட்டார்" என்றார் கடைசியில். "அடுத்து ஒரு படம் வேணுமாம். பம்ப் ஸ்டவ். அந்தக் கட்டம் போட்ட பொண்ணுதான் எழுதணும்னு சொல்லிட்டார். நீ நிரந்தரம்னு லெட்டர் ஒண்ணு அடிச்சுக்கோ, கையெழுத்துப் போடறேன்."

நீரஜா சட்டென்று எழுந்து நின்றாள். "தாங்க்ஸ் சார்."

"முழுசாக் கேளு. உஸ்மான் ரோட்டுல இன்னொரு கடைக்காரனும் படம் எடுக்கறானாம். அவனை மிஞ்சணும்னு அய்யாதுரைக்கு இந்தத் தடவை காலிக் கட்டம் ஆறு வேணுமாம். ஆறுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் கையெழுத்துப் போடமாட்டாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடு."

அவர் உள்ளே போய்விட்டார். நீரஜா தாளை ஏற்றி, நடுவே ஒரு கோடும் குறுக்கே கோடுகளும் போட்டாள். வீட்டில் தினமும் பற்றவைக்கிற அடுப்புதான். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஸ்பிரிட்டை எரித்துச் சூடேற்றுவது, காற்றுத் திருகை மூடுவது, பம்ப் அடிப்பது என்று இடப்பக்கம் விறுவிறுவென்று நிரம்பியது. பிறகு வலப்பக்கத்தைப் பார்த்தாள்.

பம்ப் ஸ்டவ் பிடித்துக்கொண்ட நொடியிலிருந்து அணைக்கிறவரை ஒரே மாதிரி இரைகிறது. முதல் முறை அந்த இரைச்சலைக் கேட்க விடலாம், ஒரு கட்டம். எண்ணெய் ஊற்றும்போது பேசியே ஆகவேண்டும். ஸ்பிரிட் எரியும்போது பேசாவிட்டால் எவளாவது அவசரப்பட்டுப் பம்ப் அடிப்பாள், தீ குபீரென்று மேலே எழும்பும். திருகைச் சொல்லாமல் விட முடியாது. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஒன்றுக்குமேல் போகவில்லை.

போனை எடுத்து ஒலிப்பதிவுக்கூடத்தைக் கூப்பிட்டாள்.

"ஹனீஃபா, ஆறு கட்டம் காலியா வேணும். ஒண்ணுதான் கிடைக்கிறது."

"பாக்கி அஞ்சுல பேசலைன்னா இன்னா ஆவும்?"

"வீடு பத்திக்கும்."

மறுமுனையில் பீடாவைத் துப்பும் சத்தம் கேட்டது.

"அப்ப அய்யாதுரையாண்ட நீயே போய்ச் சொல்லு" என்றான். "பர்மனென்ட் ஆயிட்டல்ல."

நீரஜா போனை வைத்தாள். நிரந்தரக் கடிதத்தை முதலில் அடித்து, ஸ்ரீரங்கனிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு தியாகராய நகர் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.